‘ஏன் அந்த வேலையை விட்டீர்கள்?’ என்று மெயிலில் கேட்டால்

*கேள்வி:*

நான் திருப்பூரில் ஆடை எக்ஸ்போர்ட் துறையில் மெர்ச்சண்டைசர், அதாவது பையரிடம் ஆர்டர் எடுத்து அது ஷிப்மெண்ட் ஆகும் வரை பின்தொடர்பவள். முதல் கம்பெனியில் 5 வருடம் இருந்தேன். அங்கே புரொடக்‌ஷன் பிளானிங்குக்குத் தனி ஆட்கள் உண்டு. அடுத்துச் சேர்ந்த கம்பெனியில் ஆர்டர் எடுப்பதிலிருந்து நிட்டிங், டையிங் துரத்துவது வரை எல்லாம் என் தலையில்தான், ஆனால் எந்த யூனிட்டில் எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்வது நான் இல்லை. ஒரு ஆர்டர் டையிங்கில் தாமதமாகி, கப்பலில் போக வேண்டியதை அதிகச் செலவில் ஏரில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. முதலாளி ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டினார். மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். ஒரு மாத நோட்டீஸ் முடித்து, ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்களை எழுதி ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன், ரிலீவிங் லெட்டரும் இருக்கிறது. வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியின் மெர்ச்சண்டைசிங் ஹெட் மெயில் அனுப்பியிருக்கிறார்: “உங்கள் அனுபவம் எங்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் கடைசி கம்பெனியில் 11 மாதம்தான் இருந்திருக்கிறீர்கள். கையில் வேறு வேலை இல்லாமலே வெளியே வந்திருக்கிறீர்கள். என்ன காரணம் என்று எழுதுங்கள்.”

நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது: “முந்தைய கம்பெனியில் நிர்வாகம் சரியில்லை. நான் செய்யாத தவறுக்கு எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தினார்கள். கடைசி மூன்று மாதம் சம்பளமும் 20 தேதிக்கு மேல்தான் வந்தது. என் வளர்ச்சிக்கும் அங்கே வாய்ப்பில்லை. தன்மானத்தை விட்டு வேலை பார்க்க முடியாததால் விலகினேன்.” அனுப்பலாமா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதச் சொல்கிறார் என் அண்ணன். தோழி ஒருத்தி, ‘பர்சனல் ரீசன்ஸ்’ என்று இரண்டே வார்த்தையில் முடிக்கச் சொல்கிறாள்.

— பெயர் வேண்டாம், திருப்பூர்

*பதில்:*

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பதிலில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் அதை அனுப்பாதீர்கள். அண்ணன் சொன்னதும் வேண்டாம், தோழி சொன்னதும் வேண்டாம். ஒவ்வொன்றும் ஏன் வேண்டாம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மெயில் அங்கே போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

மெர்ச்சண்டைசிங் ஹெட் அதை அநேகமாகப் போனில்தான் படிப்பார், அதுவும் ஏதோ ஒரு சேம்பிள் அப்ரூவலுக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவே. படித்துவிட்டு எச்.ஆருக்கு ஃபார்வர்டு செய்வார். நீங்கள் கேட்கும் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது முதலாளி வரைக்கும் போகும். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் முதலாளிக்கு இன்னொருவரைத் தெரியாமல் இருப்பது அபூர்வம். கல்யாண வீட்டிலோ சங்கக் கூட்டத்திலோ பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், “அந்தப் பொண்ணு உங்ககிட்டதானே இருந்துச்சு, என்னாச்சு?” என்று ஒரு கேள்வி போகும். அதன்பின் வேலைக்கு எடுக்க முடிவானால், உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்ப்பவர் அதே மெயிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய கம்பெனிக்குப் போன் போடுவார். நேர்காணலில் சொன்ன பதில் காற்றோடு போய்விடும். மெயிலில் எழுதியது உங்கள் ஃபைலில் இருக்கும்.

ஆகவே நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் உங்கள் பழைய முதலாளி படித்தால், “இது இல்லை” என்று அவரால் சொல்ல முடியுமா? அவருக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை, மறுக்க முடியாததாக இருக்க வேண்டும். உங்கள் வரைவை இந்தச் சோதனையில் போட்டுப் பாருங்கள்.

“நிர்வாகம் சரியில்லை.” அவர் மறுப்பார். உங்களிடம் அதற்கு ஆதாரமும் இல்லை, ஏனென்றால் அது உங்கள் அபிப்பிராயம். படிக்கிற ஹெட்டும் ஒரு நிர்வாகிதான் என்பதை மறக்க வேண்டாம். நாளைக்கு நம்மைப் பற்றியும் இந்தப் பெண் வேறெங்கோ இப்படித்தான் எழுதுவாள் என்று அவருக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

“நான் செய்யாத தவறுக்கு அவமானப்படுத்தினார்கள்.” உங்கள் மனதில் இதுதான் பெரிய வரி, அது எனக்குப் புரிகிறது. ஆனால் இதைப் படிப்பவர் கண் ‘அவமானம்’ என்ற சொல்லில் நிற்காது, ‘தவறு’ என்ற சொல்லில்தான் நிற்கும். என்ன தவறு, எந்த ஆர்டர், எவ்வளவு நஷ்டம், உண்மையில் இவள் செய்யவில்லையா? அவர் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் நான்கு புதிய கேள்விகளைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள், அவற்றுக்குப் பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை.

“வளர்ச்சிக்கு வாய்ப்பில்லை.” ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர் சொல்லலாம். 11 மாதத்தில் சொன்னால் படிப்பவர் புன்னகைப்பார். மேலும் இது உங்கள் காரணமே இல்லை. நான்கு காரணம் இருந்தால் கனமாக இருக்கும் என்று நினைத்துச் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு கேள்விக்கு நான்கு காரணம் சொன்னால், எதுவுமே நிஜக் காரணம் இல்லை போலிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சம்பளத் தாமதம் மட்டும் கொஞ்சம் வேறு. பேங்க் ஸ்டேட்மெண்ட்டில் தேதி இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது. என் சோதனையில் தேறிவிடும். பலர் இந்த ஒன்றையே காரணமாக எழுதி நல்லபடியாக வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், சம்பளம் தள்ளிப்போன மூன்று மாதமும் நீங்கள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ராஜினாமா கொடுத்தது வேறு ஒன்றுக்காக. சம்பளத்தைக் காரணமாகக் காட்டி, பிறகு அந்த ஏர் ஷிப்மெண்ட் கதை வேறு வழியாக அவர் காதுக்குப் போனால், நீங்கள் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும். வசதியான காரணம் இருக்கிறது என்பதற்காக நிஜக் காரணத்தை மாற்ற வேண்டாம்.

சரி, நிஜக் காரணம் என்ன? திட்டு வாங்கியதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் கம்பெனியில் 5 வருடம் ஒரு திட்டுகூட வாங்காமலா இருந்திருப்பீர்கள்? ஷிப்மெண்ட் வாரத்தில் திட்டு வாங்காத மெர்ச்சண்டைசரை நான் பார்த்ததில்லை. இந்த முறை தாங்க முடியாமல் போனதற்குக் காரணம், உங்கள் கையில் இல்லாத வேலைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எந்தத் துணி எந்த டையிங் யூனிட்டுக்கு எப்போது போகும் என்று முடிவு செய்தது நீங்கள் அல்ல. ஆனால் பையருக்குத் தேதி கொடுத்தது நீங்கள். அந்தக் கம்பெனியில் பிளானிங்குக்கு ஆள் இல்லை. இது வேலை பிரித்த விதத்தைப் பற்றிய விஷயம். இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பழைய முதலாளியும் மறுக்க முடியாது, ஏனென்றால் அங்கே பிளானிங் டிபார்ட்மெண்ட் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மெயிலில் போக வேண்டிய காரணம் இதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் கேட்டது வெறுமனே ‘ஏன் விட்டீர்கள்’ என்று இல்லை. 11 மாதம் என்கிறார், கையில் வேலை இல்லாமல் என்கிறார். இந்த இரண்டு சொல்லிலும் இரண்டு பயம் இருக்கிறது: நம்மிடமும் ஒரு வருடத்துக்குள் கிளம்பிவிடுவாளோ, அல்லது இவளாக வரவில்லையோ, அவர்கள் அனுப்பிவிட்டார்களோ. உங்கள் வரைவு இந்த இரண்டையும் தொடவே இல்லை. முதலாவதுக்கு உங்கள் 5 வருடம் பதில். இரண்டாவதுக்கு நோட்டீஸ் முழுவதும் வேலை பார்த்ததும், ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்களை எழுதி ஒப்படைத்ததும், ரிலீவிங் லெட்டரும் பதில். இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் தன்மானத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

மெயில் எழுதும் முன் இரண்டு காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்று, நீங்கள் கொடுத்த ராஜினாமாக் கடிதம். கோபத்தில் மறுநாளே கொடுத்தது என்பதால் கேட்கிறேன், அதில் என்ன எழுதினீர்கள்? ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று இருந்தால் பரவாயில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், எச்.ஆருக்கும் அது தெரியும், மெயிலில் விவரம் சொன்னால் முரண் ஆகாது. திட்டியதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தால், அது அவர்கள் ஃபைலில் இருக்கிறது என்ற நினைப்போடு எழுதுங்கள். அதற்கு நேர் எதிராக ‘அங்கே எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது’ என்கிற தொனி மெயிலில் வந்துவிடக் கூடாது.

இரண்டாவது, உங்கள் பி.எஃப். கணக்கு. ஆன்லைனில் உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். போட்டு உள்ளே போய் `Service History` பாருங்கள். பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதிந்திருக்கிறதா, அது ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியோடு ஒத்துப்போகிறதா? சில கம்பெனிகள் இதைச் செய்யாமலே விட்டுவிடும். அப்படி இருந்தால், கடைசி பி.எஃப். பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே `Manage` என்ற பகுதியில் `Mark Exit` மூலம் பதியலாம். ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் இப்போதே செய்யலாம். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மெயிலில் ‘இந்தத் தேதியில் முறையாக விலகினேன்’ என்று எழுதிவிட்டு, அரசுக் கணக்கில் இன்னும் அதே கம்பெனியில் இருப்பதாகக் காட்டினால் அது தேவையில்லாத சந்தேகம். வேலையில் சேரும்போது பி.எஃப்.புக்காக நிரப்பும் ஃபார்ம் 11-இலும் முந்தைய வேலையின் விலகல் தேதியைக் கேட்பார்கள். அந்த 11 மாத வேலையை பயோடேட்டாவிலிருந்தே தூக்கிவிடலாமா என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் கம்பெனி பெயரோடு வரவு இருக்கும்போது எதைத் தூக்குவது?

இனி மெயில். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். விஷயம் எந்த வரிசையில், எந்த அளவில் போக வேண்டும் என்று தெரிவதற்காக இங்கே தமிழில் தருகிறேன்:

“வணக்கம் சார். உங்கள் மெயிலுக்கு நன்றி.

கடந்த கம்பெனியில் பிளானிங்குக்குத் தனிக் குழு கிடையாது. பையர் தொடர்போடு நிட்டிங், டையிங் ஃபாலோ-அப்பும் மெர்ச்சண்டைசர் பொறுப்பில் இருந்தது. ஆனால் எந்த யூனிட்டில் எப்போது ஓட்டுவது என்ற முடிவு எங்களிடம் இல்லை. அந்த அமைப்பில் பையருக்கு நான் கொடுக்கும் தேதியை உறுதியாகக் காப்பாற்ற முடியவில்லை. அதனால் விலக முடிவு செய்தேன்.

ஒரு மாத நோட்டீஸ் முழுவதும் வேலை பார்த்து, நடப்பில் இருந்த ஆர்டர்களை ஒப்படைத்துவிட்டு வந்தேன். ஷிப்மெண்ட் சமயம் என்பதால் அந்த மாதத்தில் வேறு இடம் தேட முடியவில்லை. ரிலீவிங் லெட்டர் இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

அதற்கு முன் 5 வருடம் ஒரே கம்பெனியில் இருந்தேன். அங்கே பிளானிங் குழுவோடு சேர்ந்து வேலை செய்து பழக்கம். உங்கள் கம்பெனியிலும் அதே முறை என்பதால்தான் விண்ணப்பித்தேன். போனில் பேச வேண்டுமென்றாலும் எந்த நேரமும் தயார்.”

இவ்வளவுதான். போனில் ஒரு தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிடும் நீளம். இதற்கு மேல் போனால் விளக்கம் வாக்குமூலம் ஆகிவிடும். கேள்விக்கான பதில் முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. ‘நான் மிகவும் கடின உழைப்பாளி’ என்று ஆரம்பித்துச் சுற்றி வந்தால், சொல்ல வராமல் தயங்குகிறாள் என்று தோன்றும். ஷிப்மெண்ட் சமயம் என்ற வரி உங்கள் விஷயத்தில் உண்மையானால் மட்டும் போடுங்கள். கோபத்தில் தேடவே தோன்றவில்லை என்றால், ‘நோட்டீஸ் முடித்த பிறகே வேறு இடம் தேட ஆரம்பித்தேன்’ என்று எழுதினால் போதும். அதிலும் ஒரு குறையும் இல்லை. ‘உங்கள் கம்பெனியிலும் அதே முறை’ என்பதும் அப்படித்தான். அவர்கள் வேலை விளம்பரத்திலோ போனில் பேசும்போதோ அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். தெரியாவிட்டால் யாரையாவது விசாரித்துவிட்டு எழுதுங்கள்.

இதில் இல்லாதவற்றையும் பாருங்கள். கம்பெனி பெயர் இல்லை, அது பயோடேட்டாவில் இருக்கிறது. முதலாளி இல்லை. பையர் யார், எத்தனை பீஸ், ஏர் ஃப்ரெயிட் எவ்வளவு ஆனது என்று எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். போட்டிக் கம்பெனிக்காரரிடம் பழைய கம்பெனியின் பையர் பெயரையும் நஷ்டத்தையும் மெயிலில் எழுதுகிற மெர்ச்சண்டைசரை யார் நம்பித் தங்கள் காஸ்டிங் ஷீட்டைக் கொடுப்பார்கள்? ரகசியம் காப்பதாக நீங்கள் சேரும்போது கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும், அந்த ஆஃபர் லெட்டரை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

அனுப்பும்போது புது மெயில் தொடங்காதீர்கள், அவர் அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை செய்யுங்கள். அவர் எச்.ஆரை சி.சி.யில் போட்டிருந்தால் ரிப்ளை ஆல். தலைப்பை மாற்ற வேண்டாம், ரிலீவிங் லெட்டரைக் கேட்காமல் இணைக்கவும் வேண்டாம். இரவு 12 மணிக்கு அனுப்பாமல் மறுநாள் காலை ஆபீஸ் நேரத்தில் அனுப்புங்கள். ஒரு வேலை நாளுக்குள் பதில் போய்விடுவது நல்லது. நாலு நாள் யோசித்து எழுதிய மாதிரி தெரிந்தால் பதில் எவ்வளவு நேராக இருந்தாலும் பலன் குறையும்.

இப்போது அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினால், கேட்கிற மனிதர் நல்லவராக இருந்தால், “இப்போது எப்படி இருக்கிறார்கள்?” என்று முதல் நாளே கேட்பார். அந்தப் பொய்யை நீங்கள் அந்தக் கம்பெனியில் இருக்கும் வரை சுமக்க வேண்டும். நல்லவராக இல்லாவிட்டால், இந்தப் பெண் அடிக்கடி லீவு கேட்பாள் என்று கணக்குப் போட்டு உங்களை ஒதுக்கிவிடுவார். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு ஆதாயம் இல்லை.

தோழி சொன்ன ‘பர்சனல் ரீசன்ஸ்’ ராஜினாமாக் கடிதத்துக்குப் பொருத்தம். அங்கே யாரும் காரணம் கேட்கவில்லை. இங்கே ஒருவர் வேலை மெனக்கெட்டுக் கேட்டிருக்கிறார். அவரிடம் அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் கதவைச் சாத்திய மாதிரி. ஆண் விண்ணப்பதாரர் அப்படி எழுதினால் ‘ஏதோ சண்டை போல’ என்று விடுவார்கள். பெண் எழுதினால் உடனே கல்யாணம், குழந்தை, மாமியார் வீடு என்று அவர்களாகவே நிரப்பிக்கொள்வார்கள். நியாயமில்லைதான், ஆனால் நடக்கிறது. இட்டு நிரப்ப இடமே கொடுக்காமல் வேலை சம்பந்தமான காரணத்தை நேராகச் சொல்லிவிடுங்கள். உங்கள் குடும்ப நிலவரத்தைக் கேட்காதபோது நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மெயிலைப் பார்த்த பிறகு அவர் போன் செய்யலாம். அப்போது இரண்டு கேள்வி வர வாய்ப்புண்டு, அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

முதல் கேள்வி: “அங்கே ஏதோ ஒரு ஆர்டர் ஏரில் போனதாகக் கேள்விப்பட்டேனே?” ஊர் சின்னது, கேட்பார். “ஆமாம் சார், டையிங்கில் தாமதம், கடலில் அனுப்பும் தேதி தவறிவிட்டது. அந்த ஆர்டரை நான்தான் பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு, தாமதம் தெரிந்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியாத இடம் இதுதான். டையிங் தள்ளிப்போகிறது என்று எத்தனை நாள் முன்னால் உங்களுக்குத் தெரிந்தது? முதலாளிக்கு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதித் தெரிவித்தீர்களா, வாயால் சொன்னீர்களா? பையரிடம் தேதி நீட்டிக் கேட்டீர்களா? ஒரு பகுதியையாவது கடலில் அனுப்ப முயன்றீர்களா? சாய நிறத்தைச் சிறு துணித் துண்டில் காட்டும் லேப் டிப்புக்கு அப்ரூவல் பையரிடமிருந்து தாமதமாக வந்ததா, அல்லது நீங்கள் அனுப்பியதே தாமதமா? கடைசிக் கேள்விக்குப் பதில் ‘நான்தான் தாமதம்’ என்றால், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். “லேப் டிப் அனுப்புவதில் என் பக்கம் நாலு நாள் போனது, மீதித் தாமதம் யூனிட்டில்” என்று தன் பங்கைப் பிரித்துச் சொல்கிறவரை நம்புவது எளிது. ‘நான் செய்யாத தவறு’ என்று முழுக்கக் கை கழுவுகிறவரைத்தான் தொழில் தெரிந்தவர்கள் சந்தேகிப்பார்கள். ஒரு ஷிப்மெண்ட் தவறுவதில் மெர்ச்சண்டைசருக்குத் துளிகூடப் பங்கில்லாமல் இருப்பது அரிது என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் கூர்மையானது: “எங்களிடம் பிளானிங் டீம் இருந்தாலும் டையிங் உங்கள் கையில் இருக்காதே, இங்கேயும் தாமதமானால் என்ன செய்வீர்கள்?” நான் எழுதிக் கொடுத்த மெயிலே இந்தக் கேள்வியை அழைக்கிறது, தெரிந்துதான் எழுதினேன். டையிங் எந்த மெர்ச்சண்டைசர் கையிலும் இல்லை. உங்கள் புகார் அதுவும் அல்ல. தேதி கொடுக்கும் முன் பேசி முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும், தள்ளிப்போனால் அதே ஆளிடம் சொல்லித் திட்டத்தை மாற்ற வேண்டும். முதல் கம்பெனியில் அப்படி ஒரு தடவை தாமதத்தைச் சமாளித்திருப்பீர்களே, அந்த உதாரணம் ஒன்றை, பையர் பெயர் சொல்லாமல், தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி திட்டிய கதை இந்த இரண்டு கேள்விக்குமே பதில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதை நேரடியாகக் கேட்டாலொழிய எடுக்க வேண்டாம். கேட்டால், “குரல் உயர்ந்தது உண்மைதான் சார், நஷ்டம் அப்படி” என்று ஒரு வரியில் விட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களில் சிலருக்கு நிலைமை வேறாக இருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்ட பிறகு ஆர்டர் குறைந்து வேலை போனவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்கள் அதை அப்படியே ஒரு வரியில் எழுதினால் போதும், யாரும் தோண்ட மாட்டார்கள். கம்பெனியே போகச் சொல்லி வெளியே வந்தவர்கள் ‘நான் ராஜினாமா செய்தேன்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, ஒரு போனில் உடைந்துவிடும். நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டவர்களுக்குத்தான் கஷ்டம். ரிலீவிங் லெட்டர் இருக்காது. அவர்கள் மெயிலுக்குப் பதில் எழுதும் முன்பே பழைய கம்பெனி எச்.ஆரிடம் பேசி, நோட்டீஸ் சம்பளத்தைக் கட்டியாவது லெட்டர் வாங்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அதையும் மெயிலில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உங்களுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. இன்றைக்கு பி.எஃப். தேதியைப் பார்த்துச் சரி செய்யுங்கள், ராஜினாமாக் கடிதத்தை ஒருமுறை படியுங்கள், நாளைக் காலை மெயிலை அனுப்புங்கள். மூன்று நாலு வேலை நாளில் பதில் வராவிட்டால், அதே மெயிலின் கீழ், “சார், வேறு விவரம் ஏதாவது தேவையா?” என்று ஒரே ஒரு வரி. அதற்கும் பதில் இல்லை என்றால் இன்னொரு விளக்கம் எழுத வேண்டாம், அடுத்த கம்பெனிக்கு விண்ணப்பியுங்கள். அங்கேயும் இதே கேள்வி வரும். அப்போது கடைசிப் பத்தியை மட்டும் அந்தக் கம்பெனிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் போதும்.